இரண்டு பழைய எண்டர்கள்: உதிரிகள் சேர்த்ததா, அலமாரியில் கிடந்ததா?

பழைய 3டி பிரிண்டர் தேடுகிறவர் முன்னால் பெரும்பாலும் இரண்டு வகை இயந்திரங்கள் வந்து நிற்கும். ஒன்று, கிரியாலிட்டி நிறுவனத்தின் முதல் தலைமுறை எண்டர் 3. வாங்கியவர் ஆர்வத்தோடு பிளாஸ்டிக்கை உருக்கும் உலோக ஹாட்எண்ட், தானாகச் சமன் செய்யும் சென்சார், கூடுதல் விசிறி என்று சேர்த்துக்கொண்டே போயிருப்பார். மற்றொன்று, 2020இல் வந்த எண்டர் 3 வி2. பத்துப் பொம்மைகள் அச்சிட்டதும் உற்சாகம் வடிந்து, அலமாரியில் ஏற்றிவைத்தது. நண்பர் ஒருவருக்காக நான் பார்த்த இரண்டும் இப்படித்தான் இருந்தன. முதலாவதற்கு 9,000 ரூபாய், இரண்டாவதற்கு 11,000 சொன்னார்கள். உதிரிகளின் பட்டியலைப் பார்த்தால் முதலாவது கொள்ளை மலிவு.

இரண்டு வீட்டுக்கும் போகும் முன் தொலைபேசியில் ஒரே வேண்டுகோள்தான் வைத்தேன்: நான் வரும்வரை இயந்திரத்தைச் சூடாக்க வேண்டாம். உருகிய பிளாஸ்டிக் வெளிவரும் முனையான நாசில் அடைத்திருந்தால்கூட, ஏற்கெனவே சூடாகி ஒருமுறை ஓடியிருந்தால் நல்ல பிள்ளைபோல நடந்துகொள்ளும். கையில் எடுத்துப்போனது மல்டிமீட்டர், அடி நீள இரும்பு ஸ்கேல், அச்சுக்கான பிளாஸ்டிக் இழையான பிஎல்ஏ ஃபிலமென்ட் கொஞ்சம், என் கோப்புகள் இருந்த மெமரி கார்டு. விற்பவரின் கார்டில் இருக்கும் கோப்பு அந்த இயந்திரத்தின் குறைகளுக்கு ஏற்பத் திருத்தப்பட்டதாக இருக்கலாம்.

வயரிங்கில் தொடங்குகிறேன். மற்ற எதையும் பிறகு மாற்றிக்கொள்ளலாம். இது வீட்டைக் கொளுத்தக்கூடியது. பழைய எண்டர் 3இல் பவர் சப்ளை வெளியே நிற்கும். அதிலிருந்து இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் போர்டுக்குப் போகும் மஞ்சள் நிற எக்ஸ்டி60 இணைப்பு கண்ணெதிரே தெரியும். அது பழுப்பேறியிருந்தாலோ, பிரிக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்தாலோ உள்ளே சூடு ஏறியிருக்கிறது என்று பொருள். பிறகு மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு போர்டின் மூடியைத் திறக்க வேண்டும். அச்சு படியும் சூடான தட்டான பெட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 10 ஆம்பியர் ஓடுகிறது. அந்த வயரின் நுனியில் ஈயம் பூசித் திருகின் அடியில் இறுக்கியிருந்தால், அழுத்தத்தில் ஈயம் மெல்ல விலகிக்கொடுக்கும். பிடி தளர, தொடுமுனை சூடாகி, பிளாஸ்டிக் கருகத் தொடங்கும். நான் பார்த்த முதல் இயந்திரத்தில் பெட் முனையத்தின் பச்சை பிளாஸ்டிக் ஒரு பக்கம் காப்பிக் கறைபோல நிறம் மாறியிருந்தது. விசிறிகள் சேர்த்தவர் அதே பெட்டிக்குள் முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும் விட்டுவைத்திருந்தார்.

வி2இல் பவர் சப்ளையும் போர்டும் அடிப்பகுதிக்குள் இருப்பதால் வெளியிலிருந்து ஒன்றும் தெரியாது. சாய்த்துவைத்து அடிமூடியைக் கழற்றச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். எனக்குத் திறந்து காட்டினார்கள். தொழிற்சாலையில் போட்ட முடிச்சுகள் அப்படியே இருந்தன. இரண்டு இயந்திரங்களிலும் பவர் சப்ளையின் சிறிய சிவப்பு சுவிட்ச் 230 வோல்ட்டில் இருக்கிறதா என்று பார்த்தேன். பிளக்கின் எர்த் முள்ளுக்கும் சட்டத்துக்கும் இடையே மல்டிமீட்டர் ஒலிக்க வேண்டும். பெயின்ட் இல்லாத ஒரு திருகின் தலையில் முனையை வைத்துச் சோதியுங்கள்.

அடுத்தது போர்டுக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேர். ஹீட்டர் கட்டுப்பாடு இழந்தால் இயந்திரத்தைத் தானே நிறுத்தும் பாதுகாப்பு, ஆரம்பகால எண்டர் 3கள் பலவற்றில் இயங்காமல் இருந்தது. பிறகு அதைச் சேர்த்த ஃபர்ம்வேர் வந்தாலும், சென்சார் பொருத்துவதற்காக எங்கிருந்தோ இறக்கிய பதிப்பை ஏற்றியவர்கள் அதைக் கவனித்திருப்பார்கள் என்று நம்ப முடியாது. சோதிக்கும் வழி எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹாட்எண்ட் ஹீட்டரின் ஒரு வயரை போர்டிலிருந்து கழற்றி, நுனியை டேப்பால் மூடி, மறுபடி இயக்கி 200 டிகிரி கேளுங்கள். சூடு ஏறாது. ஒரு நிமிடம் அளவில் பிழை காட்டி நின்றுவிட்டால் பாதுகாப்பு இருக்கிறது. எவ்வளவு நேரமானாலும் அசராமல் காத்திருந்தால் இல்லை. வி2 நின்றது. மற்றது நிற்கவே இல்லை.

பெட்டில் பலரும் ஏமாறுவது சென்சாரால். "ஆட்டோ லெவலிங் இருக்கிறது" என்பதை விற்பவர் நிறைவாகச் சொல்வார். வளைந்த தட்டை அது நிமிர்த்துவதில்லை, நாசிலை அதோடு சேர்த்து ஏற்றி இறக்கி மறைக்கிறது. பெட்டை 60 டிகிரிக்குச் சூடாக்கி ஐந்து நிமிடம் விட்டு, ஸ்கேலை இரு மூலைவிட்டங்களிலும் அதன் விளிம்பு தட்டில் படும்படி நிறுத்தி, பின்னால் கைப்பேசி விளக்கைப் பிடியுங்கள். நடுவில் மெல்லிய கீற்றாக ஒளி தெரிவது சகஜம். இரண்டு தாள்களை மடித்து நுழைக்க முடிந்தால் தட்டை மாற்ற வேண்டியிருக்கும். வி2இன் கண்ணாடியை எடுத்துவிட்டு அடியிலுள்ள அலுமினியத்தையும் பாருங்கள். பெட் சூடாக இருக்கும்போதே அதை மெதுவாக முன்னும் பின்னும் நகர்த்தித் திரையைக் கவனியுங்கள். வெப்ப அளவு குதித்தால் பின்னால் மடங்கி மடங்கி வயர் அறுந்துகொண்டிருக்கிறது. வேகமாகத் தள்ள வேண்டாம். மோட்டார் அப்போது ஜெனரேட்டராகி போர்டுக்கே மின்சாரம் அனுப்பும்.

சட்டத்துக்கு அதிக நேரம் வேண்டாம். சமையலறை கிரானைட் மேடைமேல் வைத்து எதிரெதிர் மூலைகளை அழுத்தினால் முறுக்கு தெரிந்துவிடும். குறுக்குக் கம்பியின் இரு முனைகளுக்கும் மேல் சட்டத்துக்கும் உள்ள இடைவெளியை அளந்து ஒப்பிடுங்கள். திருகுதண்டு ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் மறுபக்கம் தொங்கும். இதில் முதல் இயந்திரம்தான் வென்றது. வி2 நீண்ட நாள் அசையாமல் இருந்ததில் பெட் சக்கரங்கள் ஒரு பக்கம் தட்டையாகி, நகர்த்தும்போது ஒரே இடத்தில் 'தொக்' என்றது. ஃபிலமென்ட்டைத் தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் பிளாஸ்டிக் கையில் திருகை ஒட்டி மயிரிழை விரிசலும் இருந்தது.

ஹாட்எண்டில் சிலிக்கோன் உறையைக் கழற்றிப் பாருங்கள். ஹீட்டர் கட்டியின் மேலே பிளாஸ்டிக் உறைந்திருந்தால், டெஃப்லான் குழாய்க்கும் நாசிலுக்கும் இடையே கசிவு. குழாயை நேராக வெட்டி, சூட்டிலேயே நாசிலை இறுக்கினால் பெரும்பாலும் தீரும். பிறகு ஃபிலமென்ட்டில் எக்ஸ்ட்ரூடர் வாயிலிருந்து 120 மில்லிமீட்டர் தள்ளி ஒரு கோடு போட்டு, இதை ஓட்டுங்கள்:

```
M109 S200
M83
G1 E100 F100
```

மீதி 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வி2இல் 31 இருந்தது. 'டக் டக்' என்று பின்வாங்கும் ஒலியும் கேட்டது. நாசிலில் பழைய பிளாஸ்டிக் அடைப்பு. முதல் இயந்திரம் சரியாகத் தள்ளியது. ஆனால் உலோக ஹாட்எண்டுக்கு இந்த ஒரு நிமிடச் சோதனை போதாது. குளிர்விக்கும் விசிறி சோர்ந்திருந்தால் சூடு மேலேறி, பிஎல்ஏ அரை மணி நேரம் கழித்துத்தான் உள்ளே இளகி அடைத்துக்கொள்ளும். அதனால் நான்கு மூலையிலும் நடுவிலும் ஒற்றை அடுக்குச் சதுரங்கள், பிறகு 20 மில்லிமீட்டர் கனசதுரம் என்று குறைந்தது முக்கால் மணி நேரம் அச்சிட்டுப் பார்க்க வேண்டும். அச்சு முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி முனையங்களை முகர்ந்துபாருங்கள். முதல் இயந்திரத்தின் கனசதுரம் அழகாக வந்தது, பெட்டியிலிருந்து கருகல் வாடையும் வந்தது.

நண்பருக்கு நான் சொன்னது வி2. நாசில், சக்கரங்கள், எக்ஸ்ட்ரூடருக்கு உலோகக் கை: மூன்றும் விலை குறைந்த உதிரிகள், ஒரு மாலையில் மாற்றிவிடலாம். குறைகளை விற்பவர் முன்னாலேயே காட்டியதால் 9,500க்கு இறங்கினார். போர்டை மாற்றி வயரிங்கை முழுதாகத் திரும்பப் போடத் தெரிந்தவருக்கு முதல் இயந்திரமும் 5,000க்குக் கிடைத்தால் வாங்கத் தக்கதே. அதன் சட்டம் அவ்வளவு நேர்த்தி. விற்பவர் 8,500க்குக் கீழே வரவில்லை.