விசிலா, அணித்தலைவரா, ஆடுபவரா? இருபால் வகுப்பில் அல்டிமேட்

பொள்ளாச்சி, பல்லடம் பக்கத்துப் பள்ளியொன்றில் மாணவரும் மாணவியரும் கலந்த எட்டாம் வகுப்புக்கு, டிஸ்க் என்னும் தட்டையான வட்டை வீசிப் பிடித்து இரு அணிகள் ஆடும் அல்டிமேட்டைக் கற்றுத்தரத் தொடங்கும் உடற்கல்வி ஆசிரியர், தகராறு வந்தால் அதைத் தீர்ப்பது யார் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஆசிரியர் விசில் ஊதித் தீர்க்கலாம். இரு அணித்தலைவர்களிடம் விட்டுவிடலாம். அல்லது சம்பந்தப்பட்ட இருவரே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். 1968-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உருவாக்கிய இந்த ஆட்டம் மூன்றாவது வழியிலேயே வளர்ந்தது. உலகப் போட்டிகளிலும் இன்றுவரை ஃபவுல் சொல்பவர்கள் ஆடுபவர்கள்தான். ஆனால் அமெரிக்கத் தொழில்முறை லீக் நடுவர்களை வைத்து நடக்கிறது. எனவே விசிலை ஆட்டத்துக்கே ஒவ்வாதது என்று தள்ளிவிட முடியாது.

மூன்றையும் ஒரே நிகழ்வில் வைத்துப் பார்க்கலாம். ஐவர் அணி, சிறிய ஆடுகளம், ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை எதிர்த்து வீசிய டிஸ்க் மேலெழும்பி, தயங்கி, மெதுவாக இறங்குகிறது. அதன் கீழே இருவர் காத்து நிற்கும் இந்த வேளையில்தான் உடல் மோதல் மிகுதியாக நடக்கும். மலர்விழி பிடிக்கக் கை நீட்டுகிறாள். பின்னாலிருந்து எம்பிய பிரபுவின் மார்பு அவள் தோளில் இடிக்க, டிஸ்க் தரையில் விழுகிறது.

ஆசிரியர் விசிலை நம்பிய வகுப்பில், நாற்பது பேரை இரண்டு ஆடுகளங்களில் ஆடவிட்டிருக்கும் ஒருவர் அந்த இடியைக் கண்டிருப்பது அரிது. விசில் ஊதாததால் ஆட்டம் தொடரும். மலர்விழியும் வாய் திறக்க மாட்டாள். அணித்தலைவர் முறை இதைவிட மோசமானது என்பது என் கருத்து. தலைவராக வருபவர்கள் பெரும்பாலும் கபடியில் பெயரெடுத்த பையன்கள். இருபது மீட்டர் தள்ளி நின்ற இரண்டு பேர் வாதாடுவார்கள். இடிபட்டவள் ஓரமாக நிற்பாள். குரல் பெரியவனுக்கே டிஸ்க் போகும்.

ஆடுபவரே தீர்க்கும் முறையில் மலர்விழி உரக்க "ஃபவுல்" என்கிறாள். எல்லோரும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். பிரபு "ஆமா, இடிச்சுட்டேன்" என்று ஏற்றுக்கொண்டால், இடித்த இடத்திலேயே டிஸ்க் அவளுக்கு. "நான் இடிக்கலைங்க, மேலேதான் எம்புனேன்" என்று மறுத்தால், டிஸ்க் வீசியவரிடமே திரும்பிப் போகும். அந்த வீச்சே நடக்காததுபோல் ஆட்டம் மீண்டும் தொடங்கும். பக்கத்துத் தடுப்பாளர் டிஸ்க்கைத் தொட்டுக் கொடுத்ததும் ஆட்டம் உயிர்பெறும். எவ்வளவு உரக்க வாதாடினாலும் டிஸ்க் பிரபுவின் அணிக்குக் கிடைக்காது. தயங்கிப் பேசும் பெண்ணும் வாதத்தில் வெல்ல வேண்டியதில்லை, ஒரு சொல்லைச் சொன்னால் போதும். கலப்பு வகுப்புக்கு நான் இம்முறையைத் தேர்வது இந்த ஒரு காரணத்துக்காகவே.

இதில் குறையும் உண்டு. எப்போதும் மறுத்தே பழகிய ஒருவன் தண்டனையின்றித் தப்பிக்கொண்டே இருக்கலாம். அதைவிடப் பெரிய குறை, அந்த ஒரு சொல்லே வாயில் வராமல் போவது. அதனால் வகுப்புக் குறிப்பேட்டில் யார் ஃபவுல் சொன்னார், யார் மறுத்தார் என்பதை மட்டும் எழுதி வரலாம். பல வகுப்புகள் கடந்தும் மாணவியர் பெயர் ஒன்றும் ஏறவில்லை என்றால், பயிற்சி போதவில்லை என்று கொள்ள வேண்டும். அப்போது ஆட்டத்தை நிறுத்தி, நடை வேகத்தில் லேசாகத் தொட வைத்து, ஒவ்வொருவரையும் ஒருமுறை சொல்லவும் ஒருமுறை ஏற்கவும் ஒருமுறை மறுக்கவும் வைத்துப் பத்து நிமிடம் பழக்குவது பலன் தரும்.

பெண்கள் ஆட்டத்துக்குள் வர, கோலுக்கு முன் ஒரு மாணவி டிஸ்க்கைத் தொட்டாக வேண்டும் என்று சில ஆசிரியர்கள் விதி வைப்பதுண்டு. ஆனால் பையன்கள் பக்கத்தில் நிற்பவளிடம் ஒரு குட்டி வீச்சைக் கடமைக்காகக் கொடுத்து வாங்கிவிட்டுத் தங்களுக்குள் ஆடுவார்கள். உலகக் கலப்பு ஆட்டத்தில் எழுவர் அணியில் ஒரு பாலினர் நால்வர், மறு பாலினர் மூவர் என்று இருக்கும். முதல் புள்ளிக்கான விகிதம் அடுத்த இரண்டு புள்ளிகளுக்கு மாறும், பிறகு இரண்டிரண்டாக மாறிக்கொண்டே போகும். ஐவர் அணியில் மூன்றுக்கு இரண்டு என்று வைத்து, மாணவியை மாணவியே தடுக்கட்டும். வெற்றிடம் அவர்களுக்குத் தானாகத் திறக்கும்.

ஆட்டம் முடிந்ததும் எதிரணி எவ்வளவு நேர்மையாக ஆடியது என்பதற்கு இடும் ஸ்பிரிட் மதிப்பெண்ணில் ஐந்து தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை. வழக்கமான நல்ல ஆட்டத்துக்கு 2. நாற்பது நிமிட வகுப்பில் ஐந்தையும் நிரப்ப வைத்தால் பிள்ளைகள் நண்பர்களுக்கு 4, 4 என்று போட்டுவிட்டு வகுப்பறைக்கு ஓடிவிடுவார்கள். உடல் மோதல், பேச்சுமுறை என்ற இரண்டை மட்டும் கேட்டு, 2-ஐத் தாண்டினால் காரணமாக ஒரு வரி சொல்லச் சொல்வது போதும்.

விசிலை நான் முற்றாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒருவர் கண்மூடித்தனமாகப் பாய்ந்தால் உடனே ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டும். ஆனால் ஊதிய ஆசிரியர் ஃபவுல் யாருடையது என்று தாமே சொல்லிவிடக் கூடாது. இடிபட்டவரிடம் "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டு, பதிலை இடித்தவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும்.