லேப்பா, ஸ்பிளிட்டா? ஒரு 1500 மீட்டர் ஓட்டத்தை வைத்து ஒப்பீடு

ஸ்டாப்வாட்ச்சில் லேப் என்றால் ஒரு சுற்றுக்கு மட்டும் ஆன நேரம். ஸ்பிளிட் என்றால் ஓட்டம் தொடங்கியதிலிருந்து அந்தப் புள்ளி வரை ஆன மொத்த நேரம். வரையறை இவ்வளவுதான். ஆனால் கடிகாரத்தின் மேல் அச்சிட்டிருக்கும் சொல்லை நம்பக் கூடாது. ‘லேப்’ என்று எழுதிய பட்டனை அழுத்தினால் மொத்த நேரத்தைக் காட்டும் மலிவு விலை வாட்ச்சுகளை நானே பயன்படுத்தியிருக்கிறேன். நீச்சல்காரர்கள் ஒவ்வொரு 50 மீட்டருக்கும் ஆன தனி நேரத்தையே ஸ்பிளிட் என்பார்கள். அதனால் புது வாட்ச் கைக்கு வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். ஓடவிட்டு 10 நொடியில் ஒருமுறை, 20 நொடியில் ஒருமுறை அழுத்துங்கள். இரண்டாவது அழுத்தலில் 20 வந்தால் ஸ்பிளிட், 10 வந்தால் லேப். இரண்டும் சேர்ந்து வந்தால் நல்ல வாட்ச்.

இனி மைதானத்துக்குப் போவோம். 400 மீட்டர் டிராக்கில் 1500 மீட்டர் என்பது மூன்றே முக்கால் சுற்று. முடிவுக்கோட்டில் நின்று நேரம் எடுக்கும் நமக்கு முதல் அழுத்தல் 300 மீட்டரில் வரும். அடுத்தவை 700, 1100, கடைசியாக 1500. ஒரு மாணவி ஓடியதாக வைத்துக்கொள்வோம்:

| தூரம் | ஸ்பிளிட் | லேப் |
|---|---|---|
| 300 மீ | 0:54.2 | 54.2 |
| 700 மீ | 2:08.8 | 74.6 |
| 1100 மீ | 3:24.9 | 76.1 |
| 1500 மீ | 4:37.2 | 72.3 |

லேப் வரிசையை மட்டும் பார்ப்பவர், முதல் சுற்றில் பறந்துவிட்டு அப்புறம் படுத்துவிட்டாள் என்பார். அந்த 54.2 வெறும் 300 மீட்டருக்கானது. 3 ஆல் வகுத்து 4 ஆல் பெருக்கினால் 400 மீட்டருக்கு 72.3 வருகிறது, அதாவது கடைசிச் சுற்றின் அதே வேகம். அவள் தளர்ந்தது நடுவில் இருக்கும் இரண்டு சுற்றுகளில்தான். ஸ்பிளிட் வரிசையைத் தூரத்தோடு சேர்த்து எழுதியிருந்தால் இந்தத் தவறு வராது, ஏனென்றால் பக்கத்திலேயே ‘300 மீ’ என்று நிற்கும். 5000 மீட்டரிலும் இதே பொறி உண்டு. அது பன்னிரண்டரைச் சுற்று, முதல் அழுத்தல் 200 மீட்டரில்.

வேகம் எங்கே கூடியது, எங்கே குறைந்தது என்பதை உடனே சொல்வதில் லேப்தான் மேல், அதை மறுக்கவில்லை. லண்டன் 2012 ஒலிம்பிக்கில் டேவிட் ருடிஷா 800 மீட்டரை 1:40.91-இல் ஓடினார். 400 மீட்டரில் அவருடைய ஸ்பிளிட் 49.28. கழித்தால் இரண்டாவது சுற்று 51.63. அந்த ஓட்டத்தை அவர் எப்படி ஓடினார் என்பது 49.28, 51.63 என்று பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போதுதான் புரிகிறது. பயிற்சியில் ஓடிக்கொண்டிருப்பவரிடம் “எழுபத்தாறு!” என்று கத்துவதற்கும் லேப்தான் வேண்டும்.

ஆனால் கை தவறும்போது லேப் ஏமாற்றும். 700 மீட்டரில் அரை நொடி தாமதமாக அழுத்திவிட்டேன் என்றால் அந்தச் சுற்று 75.1 ஆகிவிடும், அடுத்தது 75.6 ஆகக் குறைந்துவிடும். ஒரே தவறு இரண்டு எண்களைக் கெடுத்து, இரண்டு சுற்றுக்கும் இடையிலான தளர்ச்சியைக் குறைத்துக் காட்டுகிறது. ஸ்பிளிட்டில் கெடுவது 700 மீட்டர் எண் ஒன்றுதான், மற்றவை அப்படியே நிற்கும். சீராக ஓடுபவரின் பட்டியலில் ஒரு சுற்று கூடி, அடுத்தது ஏறக்குறைய அதே அளவு குறைந்திருந்தால், ஓடியவரைக் கேட்பதற்கு முன் உங்கள் கட்டைவிரலைச் சந்தேகப்படுங்கள்.

ஸ்பிளிட்டின் தொல்லை கழித்தலில் இருக்கிறது. 2:08.8-இலிருந்து 54.2-ஐக் கழிக்கச் சொன்னால், அவசரத்தில் 208.8 கழித்தல் 54.2 என்று போட்டு 154.6 எழுதி, அதை 1:54.6 என்று வாசித்துவிடுவார்கள். சரியான விடை 1:14.6. நிமிடத்துக்கு 60 நொடி என்பதற்குப் பதில் 100 என்று எடுத்ததால் 40 நொடி கூடிவிட்டது. முதலில் எல்லாவற்றையும் நொடியாக்குங்கள்: 128.8 கழித்தல் 54.2, விடை 74.6. விடையில் திடீரென்று 40 நொடி கூடி நின்றால் காரணம் இதுதான்.

நினைவகம் இல்லாத பழைய வகை வாட்ச்சில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கேசியோவின் F-91W கைக்கடிகாரம் இந்த வகைதான், அதில் ஸ்பிளிட் மட்டுமே உண்டு. பட்டனை அழுத்தினால் திரையில் எண் உறைந்து நிற்கும், உள்ளே நேரம் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணை எழுதிக்கொண்டு அதே பட்டனை மறுபடி அழுத்தினால் திரை ஓடும் நேரத்துக்குத் திரும்பும். இந்த இரண்டாவது அழுத்தலை மறந்தால், அடுத்த சுற்றில் நீங்கள் அழுத்துவது பதிவு ஆகாது, உறைந்த திரையை விடுவிக்கத்தான் பயன்படும். அந்தச் சுற்று போய்விட்டது. ஓடுபவர் எதிர்ப்பக்க நேர்கோட்டில் இருக்கும்போதே திரையில் எண்கள் நகர்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

கடைசிக் கோட்டில் திரை உறைந்திருக்கும்போதே நிறுத்தும் பட்டனை அழுத்திவிட்டாலும் பதற வேண்டாம். உள்ளே நேரம் சரியாக நின்றிருக்கும். ஸ்பிளிட் பட்டனை ஒரே ஒருமுறை அழுத்தினால் இறுதி நேரம் தெரியும். இரண்டாம் முறை அழுத்திவிடாதீர்கள், நின்ற பிறகு அதே பட்டன்தான் எல்லாவற்றையும் பூஜ்ஜியமாக்குகிறது.

கைபேசியில் இந்த உறைதல் தொல்லை கிடையாது, அழுத்த அழுத்தப் பட்டியல் வளரும். ஐபோனின் கடிகாரச் செயலி பட்டியலில் சுற்று நேரத்தைத் தருகிறது, மொத்தம் மேலே ஓடும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில் இரண்டும் ஒரே வரியில் வரும், கழித்தல் வேலை மிச்சம். ஆனால் கண்ணாடித் திரையில் விரலுக்குப் பட்டன் தட்டுப்படாது. ஓடுபவரைப் பார்த்துக்கொண்டே அழுத்த வேண்டிய வேலையில் அது பெரிய குறை. வியர்த்த விரல் என்றால் இன்னும் மோசம். பயிற்சிக்குக் கைபேசி போதும், போட்டிக்கு நான் அதை எடுப்பதில்லை.

ஒருவருக்கு மேல் ஓடினால் இந்த ஒப்பீடே முடிந்துவிடுகிறது. மூன்று பேர் ஒரே கோட்டை 1:12.4, 1:13.9, 1:15.0-இல் கடக்கிறார்கள் என்று வையுங்கள். லேப் பட்டியலில் 72.4, 1.5, 1.1 என்று விழும். லேப் என்பது உண்மையில் இரண்டு அழுத்தல்களுக்கு இடையிலான நேரம்தான், யாருடைய சுற்று என்பது கடிகாரத்துக்குத் தெரியாது. அந்த 1.5 முதல் இரண்டு பேருக்கும் இடையே உள்ள நேர இடைவெளி, யாருடைய ஓட்டமும் இல்லை. இங்கே ஸ்பிளிட் மட்டுமே உதவும். ஒவ்வொரு கடப்புக்கும் பக்கத்தில் மார்பு எண்ணை ஒருவர் எழுத வேண்டும், பிறகு அவரவருடைய முந்தைய ஸ்பிளிட்டைக் கழித்துச் சுற்று நேரம் எடுக்க வேண்டும்.

அதனால் என் நோட்டில் முதல் பத்தி எப்போதும் தூரம், இரண்டாவது ஸ்பிளிட். லேப் மூன்றாவது, அதுவும் வீட்டுக்கு வந்து கழித்து எழுதுவது. சரிபார்க்க லேப்களைக் கூட்டிப் பார்ப்பேன், கடைசி ஸ்பிளிட்டோடு பொருந்த வேண்டும். மேலே உள்ள நான்கையும் கூட்டினால் 277.2, அதாவது 4:37.2. போட்டியில் கையால் எடுத்த நேரத்தை அடுத்த பத்தில் ஒரு நொடிக்கு மேல்நோக்கி முழுமையாக்குவது விதி. 4:37.14 என்று நின்றால் 4:37.2. அதை இறுதி நேரத்துக்கு மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு சுற்றையும் மேல்நோக்கித் தள்ளிவிட்டுக் கூட்டினால், நான்கு வரிக்குள்ளேயே ஓடாத நேரம் சில பத்தில் ஒரு நொடிகள் சேர்ந்துவிடும்.