4k7-ஐ அப்படியே எழுதுவதா, 4.7 கிலோ ஓம் என்று விரிப்பதா?

கைப்பேசியில் எடுத்த ஒரு சர்க்யூட் படத்தைப் பார்த்துப் பாகப்பட்டியல் எழுத உட்கார்ந்தால் முதல் ரெசிஸ்டரிலேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. படத்தில் இருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்து எழுதலாம். அல்லது, அதன் பொருளைப் புரிந்துகொண்டு மதிப்பையும் அலகையும் ஒரே சீராக விரித்து எழுதலாம். இரண்டு வழிகளிலும் பட்டியல் எழுதிப் பார்த்திருக்கிறேன். எனக்கு நட்டம் வந்தது இரண்டாவது வழியில்தான். ஆனால் முதல் வழி மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை.

நடந்தது இதுதான். 555 டைமரை வைத்து ஒலி எழுப்பும் சிறிய சர்க்யூட். காகிதம் பழையது, படம் சற்றே சாய்ந்த கோணத்தில் எடுத்தது. R1 பக்கத்தில் இருந்ததை 47 கிலோ ஓம் என்று படித்தேன். பட்டியலிலும் ‘47 கிலோ ஓம்’ என்று அழகாக எழுதினேன். சர்க்யூட்டைக் கட்டி முடித்து மின்சாரம் கொடுத்தபோது ஒலி வந்தது, ஆனால் தடித்த குரலில் வந்தது. பட்டியலை மூன்று முறை சரிபார்த்தேன். பட்டியலுக்கும் பலகைக்கும் ஒரு வேறுபாடும் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் 4-க்கும் 7-க்கும் நடுவே தூசியைப் போல ஒரு புள்ளி தெரிந்தது. அது 4.7 கிலோ ஓம்.

விரித்து எழுதும் வழியின் குறை இங்கேதான் இருக்கிறது. படிப்பது, புரிந்துகொள்வது, எழுதுவது என்ற மூன்றும் ஒரே வேலையாகிவிடுகின்றன. தவறு எந்தக் கட்டத்தில் நுழைந்தது என்பதற்குத் தடயமே மிஞ்சுவதில்லை. ‘47 கிலோ ஓம்’ என்று எழுதிய பிறகு அதில் ஐயப்பட என்ன இருக்கிறது?

தசமப் புள்ளி காணாமல் போகும் இந்தத் தொல்லைக்காகவே, புள்ளி இருக்கும் இடத்தில் அலகின் எழுத்தை வைக்கும் வழக்கம் வந்தது. 4.7 கிலோ ஓம் 4k7 ஆகும். 2.2 நானோஃபாரட் 2n2 ஆகும். 0.47 ஓம் R47 ஆகும். நகல் எத்தனை மங்கினாலும் k என்ற எழுத்து புள்ளியைப் போல மறைந்துவிடாது. IEC 60062 என்ற தரநிலை இந்த முறையைத்தான் வகுத்திருக்கிறது. படத்தில் 4k7 என்று இருந்தால், பட்டியலிலும் 4k7 என்றே எழுதுவது நல்லது. அதை நாமே 4.7 ஆக்கினால், படம் வரைந்தவர் அக்கறையோடு நீக்கிய ஆபத்தைத் திரும்பக் கொண்டுவருகிறோம்.

அப்படியானால் முதல் வழியே சிறந்தது என்று முடித்துவிடலாமா? முடியாது. என் 555 படத்தில் C1 பக்கத்தில் ‘.1’ என்று மட்டுமே இருந்தது. அலகு இல்லை. மைக்ரோவா, நானோவா? விடை படத்தின் கீழ் மூலையில், சிறிய எழுத்தில் இருந்தது: அலகு குறிப்பிடாத கெப்பாசிட்டர்கள் எல்லாம் மைக்ரோஃபாரட். புகைப்படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தால் அந்த வரியும் போயிருக்கும். பார்த்ததை மட்டும் எழுதுபவர் ‘C1 .1’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிடுவார். அந்தத் தாளைக் கையில் வாங்குபவருக்கு அது பாதிச் செய்தி.

இன்னொரு சிக்கல், ஒரே குறி இடத்துக்கு இடம் பொருள் மாறுவது. சர்க்யூட் படத்தில் ரெசிஸ்டர் பக்கத்தில் 470 என்று இருந்தால் அது பொதுவாக 470 ஓம். அதே 470 சிறிய சில்லு ரெசிஸ்டரின் முதுகில் அச்சாகியிருந்தால் 47 ஓம். அங்கே கடைசி இலக்கம் எத்தனை பூஜ்யம் சேர்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. கெப்பாசிட்டர் மேல் 104 என்று இருப்பதும் அப்படித்தான்: 10-க்குப் பின் நான்கு பூஜ்யம், பிகோஃபாரட்டில், அதாவது 100 நானோஃபாரட். புகைப்படம் வரைபடத்தினுடையதா பலகையினுடையதா என்பதைப் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுவது இதனால்தான்.

இப்போது நான் இரண்டையும் தனித்தனி நிரல்களில் எழுதுகிறேன். பார்த்தது ஒரு நிரலில், வாசித்தது அடுத்ததில். ஐயமான எழுத்தைச் சதுர அடைப்புக்குள் வைக்கிறேன்.

```
குறி | படத்தில் | வாசிப்பு     | ஆதாரம்
R1   | 4[.]7k   | 4.7 kΩ      | புள்ளி மங்கல்
R2   | 10k      | 10 kΩ       |
C1   | .1       | 100 nF      | மூலைக் குறிப்பு
C2   | .01      | 10 nF       | மூலைக் குறிப்பு
C3   | 10/25    | 10 µF, 25 V | மூலைக் குறிப்பு
```

எழுதும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது உண்மை. பத்துப் பாகங்களும் தெளிவான அச்சும் இருந்தால் இத்தனை பாடு தேவையில்லை, விரித்து எழுதுவதே போதும். மங்கல் படத்துக்கு மட்டும் இந்த உழைப்பு ஈடாகிறது. ஏனென்றால், ஐயம் இருக்கும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் அதைச் சோதிக்கலாம். என் படத்தில் வெளியீட்டின் பக்கத்தில் 580 Hz என்று எழுதியிருந்தது. இந்த அமைப்பில் அதிர்வெண்ணுக்கான சூத்திரம் இது:

```
f = 1.44 / ((R1 + 2·R2) · C1)
```

R1 4.7 கிலோ ஓம் என்றால் 583 ஹெர்ட்ஸ் வருகிறது. 47 கிலோ ஓம் என்றால் 215 தான். தடித்த குரலுக்குக் காரணம் இதுவே. முதலிலேயே அந்தப் புள்ளியை அடைப்புக்குள் வைத்திருந்தால் இந்தக் கணக்கை மாலையில் அல்ல, காலையிலேயே போட்டிருப்பேன்.

இலக்கமே மங்கியிருந்தால் வேறொரு சோதனை உதவும். 5 சதவீத ரெசிஸ்டர்கள் எல்லா மதிப்பிலும் கிடைப்பதில்லை; 33, 36, 39, 43, 47 என்று ஒரு வரிசையில்தான் வரும். 38 என்று படித்தால் அது 33 ஆகவோ 39 ஆகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் 4.7-க்கும் 47-க்கும் இடையே இந்தச் சோதனை ஒன்றும் சொல்லாது, இரண்டுமே வரிசையில் இருக்கின்றன. ஒரு சதவீத ரெசிஸ்டர்களுக்கு மதிப்புகள் நெருக்கமாக இருப்பதால், அங்கே இதன் பலமும் குறைந்துவிடும்.

பட்டியலை விரிதாளில் தட்டச்சு செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓமுக்கு R-க்குப் பதில் E போடும் படங்கள் உண்டு, அவற்றில் 4.7 ஓம் 4E7 என்று வரும். அதை விரிதாளில் இட்டால் நான்கு கோடி என்ற எண்ணாகிவிடுகிறது. 10/25 தேதியாக மாறிவிடக்கூடும். ‘படத்தில்’ நிரலை, எழுதத் தொடங்கும் முன்பே, உரை வடிவமாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மாற்றினால் போன எழுத்து திரும்பி வராது.

வயரிங் படங்களிலும் இதே புள்ளிதான் எதிரி: 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி 25 ஆகிவிடும். அங்கே ஃபியூஸின் ஆம்பியர் அளவு பக்கத்திலேயே இருக்கும் என்பதால், இரண்டும் பொருந்துகிறதா என்று பார்த்தால் தவறு பெரும்பாலும் உடனே பிடிபடும்.

கடைசியாக, பாகங்களை R1, R2 என்று குறி வரிசையில் எழுதுவதா, ஒரே மதிப்புள்ளவற்றைச் சேர்த்து ‘10 கிலோ ஓம், 4 எண்ணம்’ என்று எழுதுவதா? வாங்கப் போகும்போது சேர்த்து எழுதியது வசதி. ஆனால் அதைக் குறி வரிசைப் பட்டியலிலிருந்துதான் எடுக்க வேண்டும், நேராகப் படத்திலிருந்து எடுக்கக் கூடாது. குறி வரிசையில் R5-க்கு அடுத்து R7 வந்தால் கண் தானாக நிற்கும். படம் வரைந்தவரே R6-ஐ நீக்கியிருக்கலாம், அல்லது காகித மடிப்பில் அது மறைந்திருக்கலாம். சேர்த்து எழுதிய பட்டியலில் அந்த இடைவெளி இருக்கவே இருக்காது.