சாட்பாட் முடங்கினால்: வேறு மாடலா, அறிவிப்பா?

ஒரு துணிக்கடையின் சாட்பாட். அதற்குப் பதில் எழுதித் தரும் ஏஐ மாடலின் சேவை, ‘இப்போது இயலாது’ என்று பொருள்படும் 503 பிழையைக் காட்டிக் கைவிரிக்கிறது. இன்னொரு மாடலுக்கு மாறலாம், இல்லையென்றால் நாகரிகமாக ஓர் அறிவிப்பு காட்டலாம்.

செலவு: மாற்று மாடலுக்கும் ப்ராம்ப்டை, அதாவது நாம் எழுதித் தரும் அறிவுறுத்தலை, தனியாகச் சோதித்துப் பராமரிக்க வேண்டும். அறிவிப்புக்கு அவ்வளவு வேலை இல்லை.

நம்பகம்: இரண்டு மாடலும் ஒரே நிறுவனத்தினுடையவை என்றால் சேர்ந்தே விழலாம். அறிவிப்பு நம் சர்வரிலேயே இருக்கிறது.

ஆபத்து: இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். முதல் மாடல் சொன்னபடி பணம் திரும்பப் போய்விட்டது. அதைப் பதிலாகச் சொல்வதற்குள் டைம்அவுட். உரையாடலை வாங்கிய இரண்டாவது மாடலுக்கு அது தெரியாது, பணத்தைத் திருப்பச் சொல்லி மறுபடி அழைக்கும். வாடிக்கையாளருக்கு இரட்டிப்புப் பணம்! வாடிக்கையாளரின் ஒவ்வொரு ரீஃபண்ட் கோரிக்கைக்கும், எந்த மாடல் அழைத்தாலும் மாறாத ஓர் எண் கொடுத்து, அதே எண் மீண்டும் வந்தால் சர்வரே மறுக்கும்படி செய்ய வேண்டும். இதைச் செய்யாமல் மாடல் மாற்றத்தைத் தொடவே வேண்டாம் என்பேன்.

அப்புறம், ‘கோரிக்கையே தவறு’ என்னும் 400 பிழை வந்தால் மாடல் மாறிப் பயனில்லை. பெரும்பாலும் கோளாறு நாம் அனுப்பியதில்தான் இருக்கும்.

அறிவிப்பில் “ஏதோ தவறு” என்று மட்டும் போட்டால் கோபம்தான் வரும். “இப்போது பதில் தர முடியவில்லை. நீங்கள் எழுதியது சேமிக்கப்பட்டுள்ளது, அவசரமென்றால் கடை எண்ணுக்கு அழையுங்கள்” என்பது போதும். சேமிப்பதாகச் சொன்னால் உண்மையிலேயே சேமியுங்கள்.

அளவு, நிறம், கடை நேரம் போன்ற கேள்விகளுக்கு மாடல் மாறட்டும். பணம், முகவரி மாற்றத்துக்கு அறிவிப்பே சரி.