ஒரு கடன் விற்பனையும் ஐந்து ஏடுகளும்: இருபது ஆண்டுகள் கையால் கணக்கெழுதிய அனுபவம்

ஈரோட்டில் ஒரு மொத்த ஜவுளிக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணக்கெழுதி வந்திருக்கிறேன். இடையில் கணினி வந்துவிட்டபோதிலும், விற்பனை ஏடு, விற்பனைத் திருப்ப ஏடு, ரொக்க ஏடு, குறிப்பேடு, பேரேடு ஆகிய ஐந்தையும் நாங்கள் கையால் எழுதுவதை நிறுத்தவில்லை. இந்த ஏடுகளைப் பற்றிப் பொதுவாகச் சொல்வதைவிட, 2018ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் நடந்த ஒரே ஒரு கடன் விற்பனையை எடுத்துக்கொண்டு, அது எந்த ஏட்டில் எப்போது நுழைந்தது, எங்கே நான் தவறினேன், எந்த ஏடு அந்தத் தவற்றைக் காட்டிக்கொடுத்தது என்று சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 9ஆம் தேதி திருவாரூரில் உள்ள ஒரு ஜவுளிக் கடைக்கு 120 படுக்கை விரிப்புகள் அனுப்பினோம். விரிப்பு ஒன்று ரூ.250 வீதம் ரூ.30,000. வியாபாரத் தள்ளுபடி 10 சதவீதம் போக ரூ.27,000. அதன் மேல் மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் ரூ.675, மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் ரூ.675. ஆக பில் தொகை ரூ.28,350, தவணை 45 நாள்.

கடையில் துணை ஏடுகளே இல்லாமல் குறிப்பேடு மட்டும் இருந்திருந்தால், இந்த பில்லுக்கு நான் திருவாரூர்க் கடை கணக்கு பற்று ரூ.28,350 என்று ஒரு வரியும், விற்பனைக் கணக்கு வரவு ரூ.27,000, வரிக் கணக்குகள் இரண்டும் தலா ரூ.675 வரவு என்று மூன்று வரியும், அடியில் இன்ன பில்படி இன்ன சரக்கு கடனுக்கு விற்றது என்ற விளக்கக் குறிப்பும் எழுதியிருக்க வேண்டும். ஒரு பில்லுக்கு ஐந்து வரி. அந்த மாதம் மட்டும் 64 கடன் பில்கள் இருந்தன. குறிப்பேட்டில் 320 வரி எழுதிய பிறகு, விளக்கக் குறிப்புகள் நீங்கலாக மற்ற ஒவ்வொன்றையும் பேரேட்டில் எடுத்தெழுத வேண்டும். விற்பனைக் கணக்கில் மட்டும் 64 முறை அதே சொல்லை எழுத வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய கடையில் சில மாதம் அப்படித்தான் எழுதினேன். கை வலித்தது ஒருபுறம் இருக்க, ஒரு மாதத்தின் கடன் விற்பனை எவ்வளவு என்று முதலாளி கேட்டால் அரைநாள் கூட்டித்தான் சொல்ல முடிந்தது.

விற்பனை ஏட்டில் அதே பில் ஒற்றை வரியாகிவிடுகிறது. தேதி, பில் எண், வாங்குபவர் பெயர், பேரேட்டுப் பக்க எண், தள்ளுபடி போக நிகர விலை, இரண்டு வரிக் கட்டங்கள், மொத்தம். வியாபாரத் தள்ளுபடியான ரூ.3,000 பில்லோடு நின்றுவிடும். எந்த ஏட்டிலும் தனிக் கணக்காக வராது. இந்த ஏட்டில் வருவது கடனுக்கு விற்ற சரக்கு மட்டுமே. ரொக்கத்துக்கு விற்றது ரொக்க ஏட்டுக்குப் போகும். கடையின் பழைய இரும்பு அலமாரியைக் கடனுக்கு விற்றால்கூட அது இந்த ஏட்டில் ஏறக்கூடாது, ஏனென்றால் அது நம் வியாபாரச் சரக்கு அல்ல. அதற்குக் குறிப்பேடுதான் இடம். புதிதாக வரும் பையன்கள் தவறும் முதல் இடம் இதுதான். அலமாரி விற்பனை ஏட்டில் ஏறிவிட்டால், மாத விற்பனை கூடி, இலாபமும் பொய்யாகக் கூடும்.

விற்பனை ஏட்டில் ஒரு வரி எழுதியதும் இரட்டைப் பதிவு முடிந்துவிட்டதாக நினைப்பது பிழை. அந்த ஏடு கணக்கு அல்ல. பேரேட்டுக்குப் போக வேண்டியவற்றின் பட்டியல் மட்டுமே. பற்றுப் பகுதி அன்றன்றே போகும், வரவுப் பகுதி மாதக் கடைசியில்தான் போகும். அக்டோபர் 9 மாலையே கடனாளிகள் பேரேட்டின் 84ஆம் பக்கத்தில், திருவாரூர்க் கடையின் கணக்கில், பற்றுப் பக்கத்தில் தொகையை ஏற்றி, விற்பனை ஏட்டின் பக்க எண்ணைக் குறித்தேன். பிறகு விற்பனை ஏட்டுக்குத் திரும்பிவந்து, பேரேட்டுப் பக்க எண் கட்டத்தில் 84 என்று எழுதினேன். இந்த வரிசை மாறவே கூடாது என்பது என் அனுபவம். எடுத்தெழுதிய பிறகுதான் பக்க எண்ணைப் போட வேண்டும். முன்கூட்டியே எல்லா வரிகளுக்கும் பக்க எண்ணைப் போட்டு வைத்தால், நடுவில் யாராவது கூப்பிட்டு எழுந்துபோய் வந்தால், எது ஏறியது எது ஏறவில்லை என்று சொல்ல வழியே இருக்காது. காலியாக உள்ள கட்டம் ஏறாத வரியைத் தானே காட்டும்.

மாதக் கடைசியில் விற்பனை ஏட்டைக் கூட்டினேன். நிகர விலை ரூ.4,86,200, இரண்டு வரிகளும் தலா ரூ.12,155, மொத்தம் ரூ.5,10,510. முதல் மூன்றையும் குறுக்கே கூட்டினால் நான்காவது வர வேண்டும், வந்தது. பொதுப் பேரேட்டில் விற்பனைக் கணக்கின் வரவுப் பக்கத்தில் அக்டோபர் 31, பலர், ரூ.4,86,200 என்று ஒரே வரி. நம் ரூ.27,000 அந்த வரிக்குள் கரைந்துபோகிறது. வரிக் கணக்குகளில் தலா ஒரு வரி வரவு. கடனாளிகள் எல்லோரின் தொகையையும் ஒன்றாகக் காட்டும் கடனாளிகள் மொத்தக் கணக்கில் ரூ.5,10,510 பற்று. திருவாரூரிலிருந்து ஒரு ரூபாய்கூட வராத நிலையிலும், அந்த பில்லின் வரியை அடுத்த மாதம் தாக்கல் செய்யும் விவரப்படிவத்தோடு கட்டியாக வேண்டும் என்பது வரிக் கணக்கைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த மாதம் கடனாளிகள் பேரேட்டில் உள்ள தனித்தனி இருப்புகளைப் பட்டியலிட்டுக் கூட்டியபோது, மொத்தக் கணக்கின் இருப்பைவிட ரூ.4,500 குறைவாக வந்தது. பட்டியலை மறுபடி கூட்டினேன், அதே 4,500. அந்த எண் 9ஆல் மீதியின்றி வகுபடுவதைக் கண்டதும் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்று தோன்றியது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 4,500ஐ 9ஆல் வகுத்தால் 500. ஆகவே ஆயிரத்துக்கும் நூற்றுக்கும் உள்ள இலக்கங்கள் மாறியிருக்க வேண்டும், அவற்றுக்குள் வித்தியாசம் 5 இருக்க வேண்டும். அதை மனத்தில் வைத்து விற்பனை ஏட்டின் மொத்தக் கட்டத்தை மேலிருந்து கீழாகப் பார்த்துவந்தபோது 28,350இல் கண் நின்றது. 84ஆம் பக்கத்தைத் திருப்பினால், அங்கே என் கையெழுத்திலேயே 23,850 இருந்தது. சிவப்பு மையில் ஒற்றைக் கோடு இழுத்து, மேலே சரியான தொகையை எழுதி, சுருக்கொப்பம் இட்டேன். சுரண்டி அழிப்பதும் வெள்ளை மை பூசுவதும் எங்கள் கடையில் கிடையாது. அழித்த இடம் உள்ள ஏட்டைத் தணிக்கையாளர் நம்ப மாட்டார்.

மொத்தக் கணக்கு வைத்திருந்ததால்தான் இது அந்த மாதமே தெரிந்தது. ஆனால் இந்தச் சோதனை பிடிக்காத தவறும் உண்டு. வேறொரு வருடம் திருவாரூர்க் கடையின் பில் ஒன்றை 86ஆம் பக்கத்தில் இருந்த திருத்துறைப்பூண்டிக் கடைக்கு ஏற்றிவிட்டேன். தொகை சரி, பற்றுப் பக்கம் என்பதும் சரி, ஆள்தான் வேறு. பட்டியலின் கூட்டல் மாறவில்லை, பற்று இருப்புகளும் வரவு இருப்புகளும் சமமா என்று பார்க்கும் இருப்பாய்வும் பொருந்தியது. மாதக் கடைசியில் இருவருக்கும் கணக்குப் பட்டியல் அனுப்பிய பிறகு, திருத்துறைப்பூண்டிக்காரர் நாங்கள் வாங்காத சரக்குக்குப் பற்று எழுதியிருக்கிறீர்களே என்று தொலைபேசியில் கேட்டதால்தான் தெரிந்தது. வாடிக்கையாளருக்கு மாதந்தோறும் கணக்குப் பட்டியல் அனுப்புவதை அன்றிலிருந்து நான் கணக்கெழுதும் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்துக்கொண்டேன்.

மறுபடி நம் பில்லுக்கு வருவோம். அக்டோபர் 22ஆம் தேதி ஓரம் பிரிந்த 12 விரிப்புகள் திரும்பி வந்தன. இங்கே அவசரப்பட்டு 12 × 250 = ரூ.3,000 என்று எடுத்து, வரியும் சேர்த்து ரூ.3,150க்கு வரவு வைத்துவிடுவார்கள். விற்றபோது கொடுத்த 10 சதவீதத் தள்ளுபடி திருப்பத்துக்கும் பொருந்தும், ஆகவே ரூ.2,700, அதற்கு வரி ரூ.135, மொத்தம் ரூ.2,835. அந்தத் தொகைக்கு வரவுக் குறிப்பு அனுப்பி, விற்பனைத் திருப்ப ஏட்டில் ஒரு வரி எழுதி, அன்றே 84ஆம் பக்கத்தில் வரவு வைத்தேன். அந்த ஏட்டின் மாதக் கூட்டல் விற்பனைத் திருப்பக் கணக்குக்கும், வரிக் கணக்குகளுக்கும் பற்றாகப் போனது. கடனாளிகள் மொத்தக் கணக்குக்கு வரவானது. திரும்பியதை விற்பனை ஏட்டிலேயே கழித்து எழுதும் பழக்கம் சில கடைகளில் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அப்படிச் செய்தால், எந்த நெசவாளரிடமிருந்து வந்த சரக்கு அதிகம் திரும்புகிறது என்று தேட ஒரு இடமே இல்லாமல் போகும்.

நவம்பர் 26ஆம் தேதி ரூ.25,000க்குக் காசோலை வந்தது. ரொக்க ஏட்டில், வந்த பணத்தை எழுதும் பற்றுப் பக்கத்தில், வங்கிக் கட்டத்தில் எழுதி, 84ஆம் பக்கத்தில் வரவு வைத்தேன். ரொக்க ஏடு மட்டும் துணை ஏடாகவும் பேரேட்டுக் கணக்காகவும் இருப்பதால், வங்கிக்கு வேறாகப் பேரேட்டில் பக்கம் திறக்கவில்லை. இன்னும் ரூ.515 நிலுவை நின்றது. காசோலையோடு ஒரு லாரி ரசீது இணைத்திருந்தார்கள். அனுப்பும்போது நாங்கள் கட்டியிருக்க வேண்டிய லாரி வாடகையை அவர்கள் சரக்கு எடுக்கும்போது கட்டி, அதைக் கழித்துக்கொண்டிருந்தார்கள். ரொக்கம் கைமாறவில்லை, சரக்கும் திரும்பவில்லை; ஆகவே விற்பனை, திருப்ப, ரொக்க ஏடுகள் மூன்றில் எதிலும் இதற்கு இடமில்லை. இங்கேதான் குறிப்பேடு வேண்டியிருந்தது:

லாரி வாடகைக் கணக்கு பற்று ரூ.515, திருவாரூர்க் கடை கணக்கு வரவு ரூ.515, இன்ன பில் சரக்குக்கு அவர்கள் கட்டிய வாடகை, ரசீது இணைப்பில் உள்ளது.

பதிவின் அடியில் உள்ள இந்த விளக்கக் குறிப்பைப் பலர் தவிர்க்கிறார்கள். விற்பனை ஏட்டின் வரிக்குப் பின்னால் பில் இருக்கிறது, திருப்ப ஏட்டுக்குப் பின்னால் வரவுக் குறிப்பு இருக்கிறது. குறிப்பேட்டுப் பதிவுக்குப் பின்னால் பல நேரம் பேச்சு மட்டுமே இருக்கும். ஆறு மாதம் கழித்து அது யாருக்கும் நினைவிருக்காது. கடனாளியின் பெயர் வரும் குறிப்பேட்டுப் பதிவை மொத்தக் கணக்கிலும் தனியாக ஏற்ற மறந்தாலும் மாதக் கடைசியில் பட்டியல் பொருந்தாது, ரூ.515ஐ நானும் முதலில் மறந்துதான் அந்த நவம்பரில் ஒருநாள் தேடினேன்.

இன்று கணினியில் டேலி கணக்கு மென்பொருளில் F8 தட்டி பில்லை ஏற்றினால் இவ்வளவும் ஒரே நொடியில் நடந்துவிடுகிறது. எடுத்தெழுதும்போது இலக்கம் மாறுவது இல்லவே இல்லை. ஆனால் பட்டியலில் தவறான பெயரைத் தேர்ந்தெடுப்பது அங்கும் நடக்கிறது, அதை இருப்பாய்வு அங்கும் காட்டுவதில்லை.

84ஆம் பக்கத்தில் பற்றுப் பக்கம் ஒரே வரி, ரூ.28,350. வரவுப் பக்கம் மூன்று வரிகள்: திருப்பம் 2,835, வங்கி 25,000, லாரி வாடகை 515. இரு பக்கமும் கூட்டி, அடியில் இரட்டைக் கோடு போட்டேன்.