"ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி போடுங்க" என்று சொன்னால் உடனே செய்துவிடாதீர்கள்

ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டைப் போட்டுத்தான் என் கணக்குக்குள் நுழைவேன். ஒருநாள் எந்தக் குறியீட்டைப் போட்டாலும் "தவறு" என்றே வந்தது. வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். "ஆப்பை நீக்கிட்டு மறுபடி போடுங்க சார், சரியாகிடும்" என்றார்கள். போட்டால், ஆப் காலியாகத் திறந்தது. "இப்போ கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க" என்றார்கள். கணக்குக்குள் போனால்தானே அந்த கியூஆர் கோடே கிடைக்கும்!

இந்தக் குறியீடு எஸ்எம்எஸ் மாதிரி எங்கிருந்தோ அனுப்பப்படுவதில்லை. நெட் இல்லாவிட்டாலும் போனே அதைக் கணக்கிட்டுக்கொள்ளும். முதல்நாள் ஸ்கேன் செய்யும் கியூஆரில் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அதன் ஒரு பிரதி போனில், இன்னொன்று சர்வரில். இரண்டு பக்கமும் அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் சேர்த்து ஒரே கணக்கைப் போடுகின்றன:

```
T = floor(unix_time / 30)
code = Truncate(HMAC-SHA1(secret, T)) mod 10^6
```

unix_time என்பது 1970 ஜனவரி 1 முதல் ஓடிய விநாடிகள். அதை முப்பது முப்பது விநாடிப் படிகளாக எண்ணினால் வரும் முழு எண்தான் T. சாவியையும் T-யையும் HMAC-SHA1 என்ற கணக்கு கலக்கித் தரும் விடையிலிருந்து ஆறு இலக்கத்தை எடுப்பதுதான் இரண்டாவது வரி. unix_time 1700000000 ஆக இருக்கும்போது T = 56666666. போன் கடிகாரம் 2 நிமிடம் பின்தங்கியிருந்தால் போனுக்கு T = 56666662. எண் மாறினால் குறியீடு முற்றிலும் வேறு. தாமதத்துக்காகப் பல சர்வர்கள் முன்பின் ஒரு படியை ஏற்கும். நான்கு படியை ஏற்காது.

என் போனில் நடந்தது இதுதான். தானியங்கி நேரம் அணைந்திருந்தது, கடிகாரம் இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்னால் ஓடியது. பழுது கடிகாரத்தில், இவர்கள் அழிக்கச் சொன்னதோ நன்றாக இருந்த சாவியை. பேக்கப் இல்லாத ஆப்பை நீக்கினால் சாவியும் போய்விடும். சர்வரில் பிரதி இருந்தாலும் அதை எடுத்துக் காட்டமாட்டார்கள், காட்டவும் கூடாது.

அதே ஆப்பில் இருந்த மற்றக் கணக்குகளின் குறியீடும் அன்று வேலை செய்யவில்லை. அதையும் சொன்னேன், காதில் வாங்கவில்லை. எல்லாக் கணக்கும் ஒரே நேரத்தில் மறுத்தால் முதலில் கடிகாரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஒன்று மட்டும் மறுத்தால் அந்தக் கணக்கின் சாவியைப் பாருங்கள். எங்காவது மறுபடி பதிவு செய்ததில் பழைய சாவி செல்லாமல் போயிருக்கலாம்.

நேரத்தைச் சரிசெய்யும்போது ஒன்று கவனியுங்கள். நேர மண்டலம் தவறாக இருக்க, முள்ளை மட்டும் கையால் நகர்த்தினால் திரையில் சரியான மணி தெரியும், உள்ளே விநாடிக் கணக்கு மணிக்கணக்கில் தப்பும். தானியங்கி நேரம், தானியங்கி மண்டலம் இரண்டையும் போட்டுவிடுவது நல்லது.

அடையாளச் சான்றெல்லாம் கொடுத்து அலைந்த பிறகு புது கியூஆர் தந்தார்கள். ஸ்கேன் செய்து, உறுதிப்படுத்தக் குறியீட்டைப் போட்டால் மறுபடி "தவறு"! அப்புறம் வேறொருவர் லைனில் வந்து, "போன்ல டைம் ஆட்டோமேட்டிக்ல இருக்கா?" என்று கேட்டார். அதைப் போட்டதும் அடுத்த குறியீடே ஏற்றுக்கொண்டது.