ஹாவோ தீவிலிருந்து கிளம்பிய விமானம்: கடமையை மீற மூன்று காரணங்கள்

1985 ஜூலை 10 அன்று நியூசிலாந்தின் ஆக்லாந்து துறைமுகத்தில் நின்றிருந்த ரெயின்போ வாரியர் என்ற, கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் கப்பலைப் பிரெஞ்சு உளவுத்துறை குண்டு வைத்து மூழ்கடித்தது. கப்பலில் இருந்த புகைப்படக்காரர் ஃபெர்னாண்டோ பெரைரா இறந்துபோனார். மேஜர் மஃபார், கேப்டன் பிரியர் என்ற இரண்டு பிரெஞ்சு அதிகாரிகள் பிடிபட்டார்கள். நியூசிலாந்து நீதிமன்றம் அவர்களுக்குப் பத்தாண்டு சிறை விதித்தது. அடுத்த ஆண்டு ஐ.நா. பொதுச்செயலாளர் நடுவராக இருந்து ஓர் ஏற்பாடு செய்தார். பிரான்ஸ் மன்னிப்புக் கேட்டு, 70 லட்சம் அமெரிக்க டாலர் கொடுக்க வேண்டும். இரண்டு அதிகாரிகளும் பிரெஞ்சு பாலினேசியாவில் உள்ள ஹாவோ தீவின் ராணுவ முகாமில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். இரு நாடுகளும் சம்மதித்தால் ஒழிய, எந்தக் காரணத்துக்காகவும் தீவை விட்டு வெளியேறக் கூடாது.

இரண்டே ஆண்டுக்குள் இருவரும் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். நியூசிலாந்து வழக்கை நடுவர் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோனது. 1990 ஏப்ரல் 30 அன்று வந்த அந்தத் தீர்ப்பை, சர்வதேசச் சட்டம் படிக்கிற எவரும் இன்றும் தாண்டிப் போக முடியாது. ஒரு நாடு கொடுத்த வாக்கை மீறிவிட்டு "என் மேல் தப்பில்லை" என்று சொல்ல உள்ள வழிகளில் மூன்று இவை: ஃபோர்ஸ் மஜூர், டிஸ்ட்ரெஸ் எனப்படும் உயிரிடர், நெசசிட்டி எனப்படும் இன்றியமையாத் தேவை. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் "வேற வழியில்லை" என்ற ஒரே பேச்சுதான். ஒரே சம்பவத்தை மூன்றிலும் வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன என்று தெரியும்.

முதலில் ஃபோர்ஸ் மஜூர். ஒப்பந்தப் பத்திரங்களில் வெள்ளம், போர், கொள்ளைநோய் என்று நீளமாகப் பட்டியல் போடும் பிரிவை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். அது இரு தரப்பும் பேசி எழுதிக்கொள்ளும் சலுகை, எவ்வளவு தாராளமாக வேண்டுமானாலும் எழுதலாம். நாடுகளுக்கிடையிலான பொதுச் சட்டத்தில் அளவுகோல் மிகக் கடுமையானது. ஐ.நா.வின் சர்வதேசச் சட்ட ஆணையம் நாடுகளின் பொறுப்பு பற்றி 2001இல் முடித்த விதிகளில் 23ஆவது பிரிவு இது. தடுக்க முடியாத ஒரு விசையோ எதிர்பாராத ஒரு நிகழ்வோ, நாட்டின் கட்டுப்பாட்டுக்கு அப்பால் இருந்து வந்து, கடமையை நிறைவேற்றுவதைப் பௌதிக அளவில் முடியாததாக்க வேண்டும். கடினமாக்கினால் போதாது, செலவு கூடினால் போதாது. புயலில் கட்டுப்பாட்டை இழந்த விமானம் அனுமதியில்லாமல் இன்னொரு நாட்டின் வான்வெளிக்குள் தள்ளப்பட்டால் அது ஃபோர்ஸ் மஜூர். அங்கே விமானி எந்த முடிவும் எடுக்கவில்லை.

பிரான்ஸ் இந்தக் காரணத்தைச் சொன்னபோது தீர்ப்பாயம் அதிக நேரம் செலவிடாமல் ஒதுக்கிவிட்டது. மஃபாருக்கு உடல்நலமில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். அவரைத் தீவில் வைத்திருப்பது அதனால் முடியாத காரியம் ஆகிவிடவில்லை. யாரோ ஒருவர் முடிவெடுத்து, விமானம் ஏற்பாடு செய்து, அவரை ஏற்றி அனுப்பினார். முடிவெடுக்க ஒருவர் இருந்தார் என்றாலே இந்தக் கதவு மூடிக்கொள்கிறது. இது சரியான கண்டிப்பு என்பதே என் கருத்து. "கடினம்" என்பதை "முடியாது" என்று ஏற்க ஆரம்பித்தால், நாட்டின் நிதி கொஞ்சம் இறுகும் ஒவ்வொரு முறையும் ஓர் உடன்படிக்கை காணாமல் போகும்.

அப்புறம் உயிரிடர், 24ஆவது பிரிவு. இங்கே தேர்வு இருக்கிறது. ஆனால் அது பெயரளவுக்கு மட்டுமே இருக்கிற தேர்வு. முடிவெடுக்கும் கப்பல் தலைவனோ விமானியோ அதிகாரியோ, தன் உயிரையோ தன் பொறுப்பில் இருப்பவர்களின் உயிரையோ காப்பாற்ற வேறு நியாயமான வழி இல்லாத நிலையில் விதியை மீறுகிறான். புயலுக்கு ஒதுங்க அனுமதியின்றி அயல்நாட்டுக் கடற்பரப்பில் நுழையும் கப்பல்தான் இதற்குத் தொன்றுதொட்ட உதாரணம். நுழையாமலும் இருந்திருக்கலாம், ஆட்கள் செத்திருப்பார்கள். சட்டம் அதைக் கேட்பதில்லை.

ஹாவோ வழக்கில் பலனளித்தது இந்த வழிதான், அதுவும் பாதி மட்டும். தீர்ப்பாயம் மூன்று கேள்விகளைக் கேட்டது. மருத்துவம் போன்ற அடிப்படைக் காரணங்களால் மிக அவசரமான, விதிவிலக்கான சூழ்நிலை இருந்ததா? அவசரம் தீர்ந்ததும் பழைய நிலையை மீட்டார்களா? நியூசிலாந்தின் சம்மதத்தைப் பெற நல்லெண்ணத்தோடு முயன்றார்களா?

மஃபாரின் கதையை இந்தக் கேள்விகளோடு பாருங்கள். 1987 டிசம்பரில் அவருக்கு வயிற்றுக் கோளாறு. தேவையான பரிசோதனைகளுக்கு ஹாவோவில் வசதி இல்லை. பிரான்ஸ் நியூசிலாந்திடம் சம்மதம் கேட்டது. எங்கள் மருத்துவர் ஒருவர் தீவுக்கு வந்து பார்க்கட்டும் என்றது நியூசிலாந்து. அந்த மருத்துவரைக் கொண்டுவர இருந்த நியூசிலாந்து ராணுவ விமானம் தன் ராணுவத் தளத்தில் இறங்கப் பிரான்ஸ் ஒப்பவில்லை. டிசம்பர் 14 அன்று சம்மதம் இல்லாமலேயே மஃபாரை அனுப்பிவிட்டார்கள். பாரிஸில் அவரைப் பார்த்த நியூசிலாந்தின் மருத்துவரே, தீவில் செய்ய முடியாத பரிசோதனைகள் அவருக்குத் தேவைதான் என்றார். அவ்வளவு அவசரமாகக் கிளப்பியிருக்க வேண்டுமா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். அனுப்பியது கடமை மீறல் இல்லை என்று தீர்ப்பாயம் முடிவு செய்தது. ஆனால் 1988 பிப்ரவரி 12 வாக்கில், திரும்பிப் போவதற்கு உடல்நலம் தடையில்லை என்பது மருத்துவ அறிக்கைகளில் தெளிவாகிவிட்டது. பிரான்ஸ் அவரைத் திருப்பி அனுப்பவே இல்லை. அந்த நாளிலிருந்து அது மீறல்.

பிரியரின் கதையில் முதல் படியே தவறிவிட்டது. 1988 மே மாதத் தொடக்கத்தில் அவர் கர்ப்பமாக இருப்பதாகப் பிரான்ஸ் தெரிவித்தது. நியூசிலாந்து மருத்துவர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. அவர் வருவதற்குள், மே 5 அன்று, பிரியரின் தந்தை புற்றுநோயால் சாகக் கிடக்கிறார், இன்றிரவே போக வேண்டும் என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் கிளப்பிவிட்டார்கள். தந்தை நோயுற்றிருந்தது பொய்யில்லை, அந்த மாதமே அவர் இறந்தார். ஆனால் சம்மதம் பெற உண்மையான முயற்சி எதுவும் நடக்கவில்லை, நடந்து முடிந்ததை அறிவித்தார்கள், அவ்வளவுதான். பிரான்சின் அதிபர் தேர்தல் இரண்டாம் சுற்று மே 8 அன்று நடக்கவிருந்தது என்பதையும் இந்தத் தேதிகளோடு சேர்த்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அனுப்பியதும் மீறல், திருப்பி அனுப்பாததும் மீறல் என்றது தீர்ப்பு.

உயிரிடரை நான் மூன்றிலும் நேர்மையான காரணமாக மதிப்பது இதனால்தான். அது ஒரு மனித உயிரைச் சுட்டிக்காட்டச் சொல்கிறது, அந்த உயிர் பிழைத்ததும் கடமைக்குத் திரும்பச் சொல்கிறது. ஒரு குறையும் உண்டு. விதியின் வாசகம் உயிரைப் பற்றித்தான் பேசுகிறது. தீர்ப்பாயமோ கடுமையான உடல்நலக் கேடுவரை அதை நீட்டியது. மஃபாரின் உயிர் அன்று ஊசலாடியது என்று யாரும் நிரூபிக்கவில்லை. மனிதாபிமானமாகப் பார்த்தால் அந்த நீட்சி சரிதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்ற கோடு அதோடு மங்கிவிட்டது.

மூன்றாவதான இன்றியமையாத் தேவைக்கு இந்த வழக்கில் இடமே இல்லை. அது நாட்டின் நலனுக்கே கடுமையான, உடனடியான ஆபத்து வரும் நிலைக்கு உரியது என்றும், சர்ச்சைக்குரிய ஒன்று என்றும் தீர்ப்பாயமே பிரித்துக் காட்டியது. ஓர் அதிகாரியின் வயிற்று வலியால் பிரான்ஸ் என்ற நாட்டுக்கு ஆபத்து எதுவும் வரவில்லை. உயிரிடரில் கேள்வி "யார் சாகப்போகிறார்?" என்பது. 25ஆவது பிரிவில் கேள்வி "நாட்டின் எந்த முக்கிய நலன் அழியப்போகிறது, அதைக் காக்க இந்த மீறல் ஒன்றுதான் வழியா, எதிர்த்தரப்பின் முக்கிய நலன் இதனால் பெரிதாகப் பாதிக்கப்படுமா?" என்பது. இங்கே முடிவெடுப்பது நடுக்கடலில் தவிக்கும் தலைவன் அல்ல. மேசை முன் உட்கார்ந்து, கணக்குப் போட்டு, தெரிந்தே மீறும் அரசு. அதனால்தான் "இன்ன நிபந்தனைகள் நிறைவேறினால் ஒழிய இதைச் சொல்லவே கூடாது" என்று எதிர்மறையாகவே அந்தப் பிரிவை எழுதியிருக்கிறார்கள்.

இதைச் சொல்லித் தோற்ற நாடு ஹங்கேரி. டான்யூப் நதியில் கப்சிகோவோ, நாட்யமரோஸ் அணைகளைக் கட்ட 1977இல் செக்கோஸ்லோவாக்கியாவோடு உடன்படிக்கை செய்தது. 1989 மே மாதம், சுற்றுச்சூழலுக்கும் குடிநீருக்கும் ஆபத்து என்று சொல்லி நாட்யமரோஸ் வேலைகளை நிறுத்தியது. சர்வதேச நீதிமன்றம் 1997 செப்டம்பரில் சொன்ன தீர்ப்பில், சுற்றுச்சூழல் ஒரு நாட்டின் முக்கிய நலன்தான் என்று தயக்கமில்லாமல் ஏற்றது. அதன் பிறகுதான் ஹங்கேரிக்குச் சறுக்கியது. ஆபத்து போதிய அளவு நிச்சயமாகவோ உடனடியாகவோ இல்லை. உடன்படிக்கையைக் கைவிடாமலே ஆபத்தைக் குறைக்க வேறு வழிகள் இருந்தன. அந்த நிலைமை உருவானதில் ஹங்கேரிக்கும் கை இருந்தது.

கடைசியாகச் சொன்ன அந்தக் காரணத்தில் ஒரு நுணுக்கமான வேறுபாடு ஒளிந்திருக்கிறது. ஃபோர்ஸ் மஜூரும் உயிரிடரும், நிலைமை அந்த நாட்டின் நடத்தையால் விளைந்ததாக இருந்தால்தான் மறுக்கப்படும். சாதாரணமாக ஏதோ ஒரு வகையில் பங்கு இருந்தது என்பது போதாது. இன்றியமையாத் தேவைக்கோ, நாடு அந்த நிலைமைக்குப் பங்களித்திருந்தாலே கதவு அடைபடும். பொருளாதார நெருக்கடியைக் காரணம் காட்டும் அரசுகள் இதில்தான் தடுக்கி விழுகின்றன. தன் கொள்கைகளுக்கு எந்தப் பங்கும் இல்லாமல் பொருளாதாரம் சரிந்தது என்று எந்த அரசால் நிரூபிக்க முடியும்? 2001 நெருக்கடிக்குப் பிறகு அர்ஜென்டினா மேல் முதலீட்டாளர்கள் போட்ட வழக்குகளில், கிட்டத்தட்ட ஒரே சங்கதிகளை வைத்துக்கொண்டு ஒரு தீர்ப்பாயம் 2005இல் இந்த வாதத்தை மறுத்தது, இன்னொன்று 2006இல் குறிப்பிட்ட காலத்துக்கு ஏற்றது. எனக்கு இந்தப் பிரிவின் மேல் இருக்கும் அவநம்பிக்கைக்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றில் எது ஏற்கப்பட்டாலும் உடன்படிக்கை செத்துவிடுவதில்லை. காரணம் நீங்கியதும் கடமை மறுபடி உயிர் பெறும் என்று டான்யூப் வழக்கிலும் நீதிமன்றம் சொன்னது. எதிர்த்தரப்புக்கு நேர்ந்த பொருள் இழப்புக்கு ஈடு கேட்கும் உரிமையும் அப்படியே திறந்திருக்கிறது என்கிறது 27ஆவது பிரிவு. புயலில் ஒதுங்கிய கப்பல் துறைமுகத்துக்குச் சேதம் செய்தால், ஒதுங்கியது குற்றமில்லை என்பதாலேயே சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிடாது.

ஹாவோ தீர்ப்பின் முடிவில்தான் எனக்குக் கோபம் வருகிறது. நியூசிலாந்து இருவரையும் தீவுக்குத் திருப்பி அனுப்பச் சொன்னது. ஆனால் 1986 ஜூலையில் தொடங்கிய மூன்று ஆண்டுக் கெடு 1989 ஜூலையில் முடிந்துவிட்டது, முடிந்த கடமைக்குத் திருப்பி அனுப்ப உத்தரவிட முடியாது என்று பெரும்பான்மை நடுவர்கள் சொல்லிவிட்டார்கள். தீவுக்கு வெளியே கழிந்த நாட்களைக் கெடுவிலிருந்து கழித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இழுத்தடித்த தரப்புக்கே காலம் சாதகமாக ஓடியது. தீர்ப்பாயம் மீறலைப் பகிரங்கமாக அறிவித்தது. இரு நாட்டு மக்களின் நட்புக்காக ஒரு நிதியம் தொடங்கி அதற்குப் பிரான்ஸ் 20 லட்சம் அமெரிக்க டாலர் தரலாம் என்று பரிந்துரை செய்தது. மஃபாரும் பிரியரும் ஹாவோவுக்குத் திரும்ப வேண்டியிருக்கவில்லை.